பச்சைத் தேயிலை மாதக் கணக்குக்கு ஹீட்மேப் நிறம் போடும் முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களிடம் தொழிற்சாலை தந்த மாதக் கணக்குத் தாள்கள் ஆண்டுக் கணக்கில் சேர்ந்திருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றி, எந்த மாதம் இலை அதிகம், எந்த மாதம் குறைவு என்று நிறத்தால் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்ணின் அளவுக்கேற்பக் கட்டங்களுக்கு நிறம் ஏற்றிய இத்தகைய அட்டவணைக்குத்தான் ஹீட்மேப் என்று பெயர். நிறம் போடுவது இரண்டு நிமிட வேலை. அந்த நிறம் உண்மையைச் சொல்லும்படி அட்டவணையை அமைப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் முதல் மூன்று படிகளும் நிறத்துக்கு முந்தையவை.

கூகுள் ஷீட்ஸை வைத்துச் சொல்கிறேன். எக்செலில் வழி மாறும் இடத்தை அங்கங்கே குறிப்பிடுகிறேன். லிப்ரே ஆபீஸிலும் இதே வசதி இருக்கிறது. பணியைக் கணினியில் செய்யுங்கள். கைபேசித் திரையில் பன்னிரண்டு மாதமும் ஒன்றாகத் தெரியாது.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது மூன்று முழு ஆண்டுகளின் மாத மொத்தம் வேண்டும். ஓர் ஆண்டை மட்டும் வைத்தால், பிப்ரவரி குறைந்தது வழக்கமான குறைவா, அந்த ஆண்டுக்கு மட்டும் நேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ரசீதில் இரண்டு எடைகள் இருக்கலாம்: நீங்கள் இறக்கிய மொத்த எடை, ஈரத்துக்குக் கழித்த பின் வரும் நிகர எடை. எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே எடுங்கள். மழை மாதங்களில் கழிவு கூடும் என்பதால், சில மாதங்களுக்கு மொத்தத்தையும் சிலவற்றுக்கு நிகரத்தையும் இட்டால் அட்டவணை மழைக்காலத்தை மட்டும் உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டும். நான் நிகர எடையையே எடுக்கச் சொல்வேன், பணம் அதற்குத்தான் வருகிறது.

கிலோவும் விலையும் ஒரே அட்டவணையில் வேண்டாம். கிலோ நூற்றுக்கணக்கில் இருக்கும், கிலோவுக்கான விலை இரண்டு இலக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்து நிறமிட்டால் விலைக் கட்டங்கள் எல்லாம் ஒரே வெளுப்பாகத்தான் தெரியும். விலைக்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

## 2. எந்த மாதத்தில் தொடங்குவது

ஆண்டுகள் வரிசையாகக் கீழே இறங்கட்டும், மாதங்கள் இடமிருந்து வலமாகப் போகட்டும். கண் ஒரு பத்தியில் மேலிருந்து கீழே ஓடும்போது ஒரே மாதத்தைப் பல ஆண்டுகளில் ஒப்பிடுகிறது. நமக்கு வேண்டியது அந்த ஒப்பீடுதான்.

முதல் மாதம் ஜனவரி வேண்டாம், ஏப்ரல் வையுங்கள். கோத்தகிரிப் பக்கத்தில் இலை குறையும் காலம் டிசம்பரில் தொடங்கி, உறைபனியும் வறட்சியுமாக மார்ச் வரை நீள்கிறது. ஜனவரியில் தொடங்கினால் இந்தக் காலம் இரண்டாக உடைந்து, டிசம்பர் ஒரு வரிசையின் வலக்கோடியிலும், மற்ற மூன்று மாதங்கள் அடுத்த வரிசையின் இடக்கோடியிலும் போய் நிற்கும். ஒரே குளிர்காலம் இரண்டு வரிசையில் கிடந்தால் நிறத்தைப் பார்த்து எதையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஏப்ரலில் தொடங்கினால் நான்கு மாதங்களும் வலப்பக்கத்தில் ஒட்டி நிற்கும். நிதியாண்டும் அதுவே என்பதால் கணக்கருக்கும் வசதி.

கூடலூர், பந்தலூர் பக்கத்தினருக்கும் ஏப்ரல் தொடக்கம் பொருந்தும். ஆனால் அவர்கள் அட்டவணையின் தோற்றம் வேறாக இருக்கும். அங்கே மழையைக் கொட்டுவது தென்மேற்குப் பருவக்காற்று. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். இரண்டு பக்கமும் நிலம் வைத்திருப்பவர் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக இட்டால் ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தை மறைத்துவிடும். நிலத்துக்கு ஒரு அட்டவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 3. எண்களை எண்களாகவே இடுவது

`A1` கட்டத்தில் ‘ஆண்டு’, `B1` முதல் `M1` வரை மாதங்கள், `A2` முதல் ஆண்டுகள். செய்து பார்க்க ஒரு மாதிரி தருகிறேன். இது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு. இரண்டு ஏக்கர் தோட்டத்தின் நான்கு ஆண்டு, கிலோவில்:

| ஆண்டு | ஏப். | மே | ஜூன் | ஜூலை | ஆக. | செப். | அக். | நவ. | டிச. | ஜன. | பிப். | மார். |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| 2021-22 | 720 | 960 | 940 | 690 | 610 | 780 | 890 | 760 | 520 | 340 | 260 | 390 |
| 2022-23 | 760 | 1010 | 980 | 640 | 590 | 820 | 930 | 740 | 480 | 310 | 240 | 420 |
| 2023-24 | 410 | 520 | 500 | 330 | 290 | 420 | 510 | 430 | 290 | 190 | 150 | 280 |
| 2024-25 | 690 | 940 | 1020 | 700 | 640 | 850 | 970 | 810 | 540 | 330 | 110 | 300 |

மூன்றாவது ஆண்டில் இந்த உழவர் தோட்டத்தில் பாதியைக் கவாத்து செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் அந்த வரிசை முழுவதும் தணிந்திருக்கிறது.

கட்டத்துக்குள் எண் மட்டுமே இருக்க வேண்டும். ‘960 கிலோ’ என்று எழுதினால் கணினிக்கு அது சொல். சொல்லுக்கு நிறம் ஏறாது. சில நேரம் வெறும் எண்ணாகத் தெரிவதும் உள்ளே சொல்லாகவே கிடக்கும். வேறு கோப்பிலிருந்தோ கைபேசிச் செய்தியிலிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது இப்படி ஆகிறது. இயல்பான எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், சொல் இடப்பக்கம் ஒதுங்கும். கண்ணை நம்பாமல் ஒரு காலிக் கட்டத்தில் இதை இடுங்கள்:

```
=COUNT(B2:M5)
```

இது எண்களை மட்டுமே எண்ணும். நான்கு ஆண்டுக்கு 48 வர வேண்டும். 46 வந்தால் இரண்டு கட்டங்கள் காலியாகவோ சொல்லாகவோ இருக்கின்றன. அவற்றைத் தேடிச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சுழியத்தையும் காலியையும் குழப்ப வேண்டாம். அந்த மாதம் இலையே கொடுக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் 0 இடுங்கள். தாள் கிடைக்கவில்லை என்றால் காலியாக விடுங்கள். தெரியாத மாதத்துக்கு 0 இட்டால் அதுவே அட்டவணையின் மிகக் குறைந்த எண்ணாகி, உண்மையில் குறைந்த மாதங்களை நடுத்தரமாகக் காட்டிவிடும்.

ஆண்டு மொத்தம் வேண்டுமென்றால் `N` பத்தியைக் காலியாக விட்டு `O` பத்தியில் கூட்டுங்கள். மாதங்களை ஒட்டியே மொத்தம் நின்றால், தேர்வு செய்யும்போது அதுவும் சேர்ந்து வரும். எட்டாயிரம் கிலோ அருகே இருக்கும் மொத்தம் நிறத்துக்குள் புகுந்தால் மாதங்கள் அனைத்தும் வெளுத்துப்போகும்.

## 4. முதல் நிறம்: வெறும் கிலோவுக்கு

இந்த முதல் நிறத்தின் வேலை மாதங்களை அறிவது அல்ல. தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்கே இதை முதலில் போடச் சொல்கிறேன்.

`B2` முதல் `M5` வரை தேர்ந்தெடுங்கள். தலைப்பும் ஆண்டுப் பத்தியும் தேர்வில் வேண்டாம். `Format`, பிறகு `Conditional formatting` திறந்தால் வலப்பக்கம் ஒரு பலகை வரும். அதில் `Color scale` என்ற பிரிவுக்குப் போங்கள். `Minpoint` வெள்ளை, `Maxpoint` இளம்பச்சை (`#74C476`), `Midpoint` எதுவும் வேண்டாம். எக்செலில் `Home`, `Conditional Formatting`, `New Rule` வழியாகப் போய் `2-Color Scale` தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரும்பச்சை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. இந்த விதி கட்டத்தின் பின்னணியை மட்டுமே மாற்றும், எழுத்தின் நிறத்தைத் தொடாது. பின்னணி கருத்தால் கறுப்பு எண் அதற்குள் மறைந்துவிடும். மிக அதிகமான மாதங்களின் எண்ணே படிக்க முடியாமல் போனால் என்ன பயன்?

இப்போது மே 2021-க்கு 960 என்பதற்குப் பதில் 9600 என்று வேண்டுமென்றே இட்டுப் பாருங்கள். அந்த ஒரு கட்டம் மட்டும் பச்சையாக நிற்க, மற்றவை எல்லாம் வெள்ளைக்கு அருகே போய்விடும். மிக அதிகமான எண் 9600 ஆனதும், 1020 கிலோவுக்குக்கூட அளவுகோலில் பத்தில் ஒரு பங்கு இடமே மிஞ்சுகிறது. உங்கள் அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நிறமேறி மற்றவை வெளுத்திருந்தால், முதலில் அந்தக் கட்டத்தின் ரசீதை எடுத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் பலகையில் தெரியும் `Percent`, `Percentile` இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். `Percent` என்பது மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக அதிகமான எண்ணுக்கும் இடையிலான தூரத்தைப் பிரிக்கிறது. `Percentile` எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி, எத்தனையாவது இடம் என்று பார்க்கிறது. நம் மாதிரியில் 50-க்கு இரண்டுமே தற்செயலாக 565 கிலோவில் நிற்கின்றன. 9600 என்ற பிழையைப் புகுத்தியதும் `Percent` 50 என்பது 4855-க்குத் தாவிவிடுகிறது. `Percentile` 50 அசையாமல் 565-லேயே இருக்கிறது. அசையாதது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பிழையைத் தேடும் இந்தப் படியில் அசைவதே நமக்கு உதவி. அதனால் இங்கே இரண்டு முனைகளையும் மிகக் குறைந்த எண், மிக அதிகமான எண் என்ற இயல்பான அமைப்பிலேயே விடுங்கள்.

சோதனை முடிந்ததும் 960-ஐத் திரும்ப இட மறக்காதீர்கள்.

## 5. இந்த நிறத்தில் எதை நம்பக் கூடாது

பிழை நீங்கிய அட்டவணையை இப்போது பாருங்கள். மே, ஜூனிலும் அக்டோபரிலும் பச்சை, ஜனவரி, பிப்ரவரியில் வெளுப்பு. பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவது வரிசையைக் கவனியுங்கள். கவாத்து ஆண்டில் மே மாதம் 520 கிலோ. 2021 டிசம்பரிலும் 520 கிலோ. இரண்டுக்கும் அச்சு அசலாக ஒரே நிறம். ஒன்று அந்த ஆண்டின் உச்ச மாதம், மற்றது இலை குறையத் தொடங்கிய மாதம். நிறம் தப்பாகச் சொல்லவில்லை, கிலோ சமம்தான். ஆனால் நாம் கேட்ட கேள்வி ‘எந்த மாதம் ஏற்றம், எந்த மாதம் இறக்கம்’ என்பது. அதற்குப் பதிலாக ‘எந்த ஆண்டு கவாத்து’ என்பதை அது உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, கடைசி இரண்டு பிப்ரவரிகள். கவாத்து ஆண்டில் 150, அதற்கடுத்த ஆண்டில் 110. இரண்டும் ஏறக்குறைய வெள்ளை. பாதித் தோட்டத்தில் 150 என்பது எதிர்பார்த்த அளவே. முழுத் தோட்டத்தில் 110 என்பது விசாரிக்க வேண்டிய செய்தி. இந்த அட்டவணையில் அது தெரியவே இல்லை.

அப்படியானால் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி நிறவிதி போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், மாதங்களின் ஏற்ற இறக்கம் அப்போது தெளிவாகவே தெரியும். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் மிகக் குறைந்த கட்டத்துக்கு முழு வெள்ளை விழும். நான்கு ஆண்டிலும் பிப்ரவரியே கடைசி என்பதால் நான்கு பிப்ரவரியும் ஒரே வெள்ளை. கடைசி ஆண்டு மட்டும் வழக்கத்தைவிட ஆழமாக விழுந்தது அப்போதும் மறைந்துவிடும்.

## 6. இரண்டாவது அட்டவணை: ஆண்டுச் சராசரிக்கு எத்தனை பங்கு

ஒவ்வொரு மாதத்தையும் அதே ஆண்டின் மாதச் சராசரியால் வகுத்துவிடுங்கள். 1 வந்தால் அந்த மாதம் சராசரி. 1.5 வந்தால் சராசரிக்கு ஒன்றரை மடங்கு. 0.5 என்றால் பாதி. கவாத்து ஆண்டு தன் சிறிய சராசரியோடு தன்னையே ஒப்பிட்டுக்கொள்வதால் மற்ற ஆண்டுகளோடு பக்கத்தில் நிற்கத் தகுதி பெறுகிறது.

ஒன்பதாம் வரிசையில் மாதத் தலைப்பையும், `A10` முதல் `A13` வரை ஆண்டுகளையும் நகலெடுத்து வைத்து, `B10` கட்டத்தில் இதை இடுங்கள்:

```
=IF(COUNT($B2:$M2)<12,"",B2/AVERAGE($B2:$M2))
```

பிறகு அதை `M13` வரை இழுத்துவிடுங்கள். இரண்டு தசம இடம் தெரியும்படி `Format`, `Number` வழியாக அமையுங்கள்.

சூத்திரத்தின் முதல் பாதி ஒரு காவல். பன்னிரண்டு மாதமும் நிரம்பாத ஆண்டுக்கு அது எதையும் காட்டாது. நடப்பு ஆண்டை ஆகஸ்ட் வரை மட்டும் இட்டு வகுத்தால் சராசரியில் உயர்ந்த மாதங்களே இருக்கும், குறைந்த மாதங்கள் இன்னும் வந்திருக்காது. சராசரி ஏறிவிடுவதால் மே மாதம் வழக்கத்தைவிடக் குறைந்ததுபோல் தெரியும். முதல் வரிசையை எடுத்துக்கொண்டால், முழு ஆண்டுச் சராசரி 655. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் எடுத்தால் 784. மே மாதத்தின் பங்கு 1.47-லிருந்து 1.22-க்கு இறங்கிவிடுகிறது. இலை குறையவில்லை, கணக்குதான் முடியவில்லை.

டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். `B`, `M` என்ற இரண்டு பத்திகளையும் அவை பூட்டி வைக்கின்றன. அவை இல்லாமல் இழுத்தால் வலப்பக்கம் நகரும்போது வகுக்கும் எல்லையும் கூடவே நகரும். இந்தக் காவல் சூத்திரத்தில் அந்தப் பிழை எளிதில் தெரிந்துவிடும்: ஏப்ரல் பத்தி மட்டும் நிரம்பி மற்றவை காலியாகக் கிடக்கும்.

ஒரு வரிசை முழுதும் காலியாக வந்தால் சூத்திரத்தைக் குறை சொல்லாமல் மேலே உள்ள அதே ஆண்டின் வரிசைக்குப் போங்கள். ஒரு மாதம் விடுபட்டிருக்கும், அல்லது சொல்லாக இருக்கும்.

சரிபார்க்க ஒரு சுருக்கு வழி: எந்த வரிசையைக் கூட்டினாலும் 12 வர வேண்டும்.

```
=SUM(B10:M10)
```

## 7. இரண்டாவது அட்டவணைக்கு நிறம்

`B10` முதல் `M13` வரை தேர்ந்தெடுத்து மறுபடி `Color scale` போங்கள். இம்முறை மூன்று புள்ளிகளும் வேண்டும். மூன்றிலும் `Number` என்பதைத் தேர்ந்தெடுத்து எண்ணை நீங்களே இடுங்கள்:

```
Minpoint   Number  0.25   #FDB863
Midpoint   Number  1      #FFFFFF
Maxpoint   Number  1.75   #B2ABD2
```

முதலாவது இளம் ஆரஞ்சு, கடைசி இளம் ஊதா. எக்செலில் `3-Color Scale` என்பதில் இதே எண்களை இடலாம்.

இங்கே நடுப்புள்ளிக்கு ஒரு பொருள் உண்டு, அது சராசரி. அதனால்தான் வெள்ளையை அங்கே வைக்கிறோம். ஆரஞ்சு என்றால் சராசரிக்குக் கீழ், ஊதா என்றால் மேல் என்று எண்ணைப் படிக்காமலே தெரியும். வெள்ளையை `Percentile` 50-க்கு விட்டால், எப்போதும் பாதிக் கட்டங்கள் ஒருபுறமும் பாதி மறுபுறமும் விழும். சராசரிக்கு மேலே இருக்கும் மாதம்கூட ஆரஞ்சாகிவிடக்கூடும்.

இரண்டு முனைகளையும் 1-லிருந்து சம தூரத்தில், 0.75 அளவில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் குறுகினால் அந்தப் பக்கத்தின் நிறம் சீக்கிரம் அடர்ந்து, சிறு இறக்கமும் பெரிய இறக்கமாகத் தோன்றும். 0.25-க்குக் கீழே போகும் எண்ணுக்கும் அதே முழு ஆரஞ்சுதான் விழும். அதில் நட்டமில்லை, அவ்வளவு கீழே போன மாதம் எப்படியும் கண்ணில் பட வேண்டியதே.

முனைகளை எண்ணாகவே நிறுத்துவதன் பலன் அடுத்த ஆண்டு தெரியும். புது வரிசை சேர்ந்தாலும் பழைய வரிசைகளின் நிறம் மாறாது. தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால், ஒரு மோசமான மாதம் வந்ததும் போன ஆண்டின் நிறங்களும் கூடவே நகர்ந்துவிடும். அச்செடுத்து வைத்த தாளும் திரையும் பொருந்தாமல் போகும்.

பச்சை, சிவப்பு என்ற வழக்கமான இணையை ஏன் விட்டேன் என்றால், அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாத கண்கள் பலருக்கு உண்டு, ஆண்களில் குறிப்பாக. உழவர் குழுவில் பத்துப் பேர் பார்க்கும் தாளில் அது வேண்டாத சிக்கல். ஆரஞ்சும் ஊதாவும் அவர்களுக்கும் வேறுபட்டே தெரியும்.

## 8. நிறத்தைப் படிப்பது

இப்போது கவாத்து ஆண்டின் மே 1.44, மற்ற ஆண்டுகளின் மே 1.47, 1.53, 1.43. நான்கும் ஒத்த ஊதா. ஜூன், அக்டோபரும் அப்படியே. ஜூலை, ஆகஸ்டில் நிறம் வெள்ளையை ஒட்டி வருகிறது. ஆக ஓர் ஆண்டில் இரண்டு ஏற்றங்கள், நடுவே ஒரு சிறு தணிவு, பிறகு டிசம்பர் முதல் மார்ச் வரை நீண்ட இறக்கம். நான்கு வரிசையும் ஒரே வடிவத்தைச் சொல்வதால் இது இந்தத் தோட்டத்தின் இயல்பு என்று கொள்ளலாம். ஒரே வரிசை சொன்னால் கொள்ளக் கூடாது.

அடுத்து, பத்தியோடு ஒத்துப்போகாத கட்டத்தைத் தேடுங்கள். பிப்ரவரிப் பத்தியில் 0.40, 0.36, 0.42, பிறகு 0.17. அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் முழு ஆரஞ்சு. கிலோ அட்டவணையில் 150-க்கும் 110-க்கும் இடையே ஒளிந்திருந்தது இதுதான்.

இந்த மாதிரிக் கட்டத்தைக் கண்டதும் ‘பனி கருக்கிவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்குமுன் பக்கத்து மாதத்தைப் பாருங்கள். இலை குறைந்த காலத்தில் ஒரு பறிப்புச் சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளும். பிப்ரவரிக் கடைசியில் வர வேண்டிய சுற்று மார்ச் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போனால், பிப்ரவரி வெறிச்சோடி மார்ச் நிரம்பிவிடும். அப்போது ஒரு கட்டம் ஆரஞ்சாகவும் அதன் பக்கத்துக் கட்டம் வழக்கத்தைவிட ஊதா பக்கம் நகர்ந்தும் இருக்கும். நம் மாதிரியில் மார்ச்சும் 0.46 என்று மற்ற ஆண்டுகளைவிடக் கீழேதான் இருக்கிறது. இரண்டு மாதமும் சேர்ந்து 410 கிலோ. முதல் இரண்டு ஆண்டுகளில் அதே இரண்டு மாதங்களுக்கு 650, 660. எனவே இது தேதி தள்ளிப்போன விவகாரம் அல்ல.

இனி நிறத்தால் சொல்ல முடியாது. ரசீதுகளை எடுக்க வேண்டும். பிப்ரவரியில் எத்தனை நாள் இலை போயிருக்கிறது, ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்று பாருங்கள். நாள்கள் குறைந்து, போன நாள்களில் எடை வழக்கம்போல் இருந்தால் பறிக்க ஆள் கிடைக்காமல் போயிருக்கலாம், அல்லது ரசீது தொலைந்திருக்கலாம். நாள்கள் வழக்கம்போல் இருந்து எடை மட்டும் சரிந்திருந்தால் செடியில்தான் இலை இல்லை. உறைபனியோ வறட்சியோ என்று அப்போது பேசலாம்.

கவாத்து ஆண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சராசரியால் வகுப்பது, கவாத்து எல்லா மாதத்தையும் ஒரே அளவில் குறைத்தது என்று மறைமுகமாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் வெட்டிய பாதி சில மாதங்கள் எதுவும் தராது, பிறகு மெல்லத் திரும்பும். அதனால் அந்த ஆண்டின் கடைசி மாதங்களின் பங்கு சற்று உயர்ந்து தெரியலாம். மாதிரியில் மார்ச் 0.78 என்று நிற்பதைப் பாருங்கள், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 0.60-க்கு முன்னும் பின்னும். தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் கவாத்து செய்திருந்தால் அந்த வரிசையை இந்த அட்டவணையில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

மாதத்தின் நாள் எண்ணிக்கை வேறுபடுவதையும் சிலர் கேட்பார்கள். 28 நாள் பிப்ரவரி, 31 நாள் மாதத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குட்டை. 0.40-க்கும் 0.17-க்கும் உள்ள வேறுபாட்டுக்கு முன்னால் அது பொருட்டல்ல. நாள் சராசரி போட்டு அட்டவணையைச் சிக்கலாக்க வேண்டாம்.

## 9. அச்செடுக்கும்போது

கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் ஆரஞ்சும் ஊதாவும் ஒரே சாம்பல் ஆகிவிடும். மிக அதிகமும் மிகக் குறைவும் ஒன்றுபோல் தெரியும். கூட்டத்தில் நகலாகக் கொடுக்க வேண்டியிருந்தால் இரண்டாவது அட்டவணைக்கும் வெள்ளையிலிருந்து பச்சைக்குப் போகும் ஒற்றை நிறத்தைப் போட்டு அச்செடுங்கள், 0.25-க்கு வெள்ளை, 1.75-க்குப் பச்சை. எண்களை மறைக்காதீர்கள், நகலில் நிறம் மங்கினால் எண்தான் கைகொடுக்கும்.

## 10. அடுத்த ஆண்டைச் சேர்ப்பது

புது ஆண்டை எழுதக் கிலோ அட்டவணையின் கடைசி வரிசையை அப்படியே நகலெடுத்து ஒட்டி, எண்களை மட்டும் மாற்றுகிற பழக்கம் பலரிடம் உண்டு. ஒட்டும்போது நிறவிதியும் ஒட்டிக்கொள்ளும். சில ஆண்டுகளில் ஒரே அட்டவணையின் மேல் பல விதிகள் குவிந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு வரிசைக்குத் தன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். 700 கிலோ ஒரு வரிசையில் அடர்பச்சையாகவும் இன்னொன்றில் வெளுத்தும் தெரிந்தால் இதுதான் நோய்.

வேறு கோப்பிலிருந்து கொண்டுவரும் எண்களை `Ctrl+Shift+V` அழுத்தி மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். பிறகு நிறப் பலகையைத் திறந்து `Apply to range` கட்டத்தில் எல்லையைக் கையால் நீட்டுங்கள். எக்செலில் `Manage Rules` சென்று `This Worksheet` தேர்ந்தெடுத்தால் தாளில் உள்ள எல்லா விதிகளும் வரிசையாகத் தெரியும். அங்கே அட்டவணைக்கு ஒன்று வீதம் இரண்டு விதிகள் மட்டுமே இருக்க வேண்டும். மிஞ்சியவற்றை நீக்கிவிட்டு, மீதமுள்ள இரண்டின் எல்லையையும் புது வரிசை வரை திருத்துங்கள்.

நடப்பு ஆண்டின் மாதங்களை அவ்வப்போது இட்டுவரலாம். இரண்டாவது அட்டவணையில் அந்த வரிசை மார்ச் கணக்கு வரும்வரை காலியாகவே இருக்கும். அதைப் பார்த்துச் சூத்திரம் கெட்டுவிட்டது என்று காவலை நீக்கிவிட வேண்டாம். நடப்பு ஆண்டு எப்படிப் போகிறது என்று இடையிலேயே அறிய வேண்டுமானால், போன ஆண்டின் அதே மாதக் கிலோவோடு நேராக ஒப்பிடுங்கள். இரண்டு ஆண்டிலும் கவாத்து இல்லை என்றால் அந்த ஒப்பீடே போதும்.